சித்திக்கு ஒரு சர்க்கரைச் சொம்பு

படத்தில் கேமராவைப் பார்க்காமல் சொம்பைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் என் சித்தி. போட்டோ எடுக்கிறேன் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்று கை இரண்டிலும் சொம்பு இருந்ததால் தப்பிக்க முடியவில்லை.

இந்த 2025-இல் அன்னையர் தினமும், மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையும் ஒரே நாளில் வந்துவிட்டன. மே 11. அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டு நகரலாம், கோபமில்லை.

அம்மா போய் இரண்டு வருஷம் கழித்து, எனக்கு ஒன்பது வயதில், மேலூர்ப் பக்கத்திலிருந்து சித்தி செல்லூருக்கு வந்தார். அவர் வருவதற்கு முன்பே தெருவே எனக்குப் பாடம் எடுத்து முடித்திருந்தது. சித்தி வந்தால் சோறு எண்ணித்தான் விழும், நகையை எடுத்து ஒளித்து வை, அப்பாவிடம் ஒட்டிக்கொண்டே இரு. நானும் தயாராகத்தான் இருந்தேன்.

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின நாள், பரணில் கிடந்த பித்தளைச் சொம்பை சித்தி கீழே இறக்கினார். அம்மா இருந்தவரை வருஷாவருஷம் அழகருக்குச் சர்க்கரை போட்டு எடுத்துப்போன சொம்பு. இரண்டு வருஷமாக யாரும் தொடாமல் கருத்துப்போயிருந்தது. புளியைக் கரைத்துத் தேய்க்க உட்கார்ந்தவரின் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினேன். “இது எங்கம்மாவோடது.”

சித்தி என்னையும் சொம்பையும் ஒரு தடவை பார்த்தார். புளிக்கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். “சரி, அப்ப நீயே தேய். கழுத்துப் பக்கம் நல்லாத் தேய்யி. எழுத்து தெரியணும்ல?”

கழுத்தில் புள்ளி புள்ளியாக அம்மா பெயர் வெட்டியிருக்கும். அந்தக் கருப்புக்குள்ளும் அதை அவர் படித்திருக்கிறார். எனக்கு அது உறைக்கவே பல வருஷம் ஆனது. அன்றைக்கு நான் பாட்டுக்குத் தேய்த்தேன். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார், உதவிக்கு வரவே இல்லை. கடைசியில் நாட்டுச்சர்க்கரையும் பொரிகடலையும் போட்டு, வாழை இலையால் வாயை மூடிக் கட்டி, கட்டின பூவைச் சுற்றி, மேலே சூடத்தை வைத்து என் கையில் கொடுத்தார். கூட்டத்தில் சூடம் அணையாமல் என்னைச் சுற்றி முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கையில் சொம்பு இல்லை. “வீட்டுக்கு ஒண்ணு போதும்.” இருபது வருஷத்துக்கு மேலாக இதே பதில்தான்.

ரொம்பச் சாமியாக்கவும் வேண்டாம். சித்திக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கணக்குப் பரீட்சைப் பேப்பரில் அப்பா கையெழுத்தை நானே போட்டதற்கு விளக்குமாற்றால் வாங்கியிருக்கிறேன். தம்பி பிறந்து வளர்ந்து அதே வேலையைச் செய்தபோது அவனுக்கும் அதே விளக்குமாறுதான், ஒரு அடிகூட குறையவில்லை. நான் எண்ணினேன்.

பேப்பரில் எந்த ஊருக்குத் தண்ணி வரவில்லை என்றாலும், யாருக்கு நிதி ஒதுக்கவில்லை என்றாலும் “மாற்றாந்தாய் மனப்பான்மை” என்றுதான் எழுதுகிறார்கள். ஒருநாள் சித்தி அதைப் படித்துவிட்டு, “தண்ணி வராததுக்கும் நாந்தானா?” என்றார். அப்பாவுக்குக் காப்பி புரை ஏறிவிட்டது. எழுதுகிறவர்கள் வேறு வார்த்தை தேடினால் எங்கள் வீட்டுக்குப் புண்ணியமாகப் போகும்.

என் கல்யாணச் சீர்ப் பாத்திரம் முழுக்க சித்தி சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு. கடையில் பெயர் வெட்டக் கேட்டபோது, அப்பா பெயரையும் அம்மா பெயரையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அண்டா முதல் கரண்டி வரை தேடினேன், சித்தி பெயர் ஒன்றிலும் இல்லை. அப்போது சண்டை போட்டேன். “பாத்திரத்துல போட்டாத்தான் ஆச்சா?” என்று முடித்துவிட்டார். எனக்கு அது முடியவில்லை.

போன வாரம் பாத்திரக்கடைக்குப் போய் ஒரு பித்தளைச் சொம்பு வாங்கினேன். “இன்ஷியல் என்னக்கா?” என்று கடைப்பையன் கேட்டான். அப்பாவுடைய இன்ஷியலா, மேலூர்த் தாத்தாவுடையதா என்று ஒரு நிமிஷம் முழித்தேன். ஒன்றும் வேண்டாம், பெயர் மட்டும் வெட்டு என்றேன்.

இன்று காலை மூன்றுமாவடியில் வீட்டுக்கு இரண்டு சொம்பு. நன்றி சித்தி. தம்பி இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவான், நடுவில் எழுந்து அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.

சொம்பைக் கையில் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் விரலை வைத்து எழுத்தைத் தடவினார். அப்புறம் கேட்டார்:

“எழுத்துக்கு எவ்வளவுத்தா வாங்குனான்?”

#சித்தி #அன்னையர்தினம் #எதிர்சேவை #மதுரை