புகார் ரிப்போர்ட்: எண்கள் எடுத்தாயிற்று, சில இடங்களில் உங்கள் முடிவு வேண்டும்

திங்கள் மாலை 5:40, சாட்

மேடம், காலையில் சொன்ன காலாண்டுப் புகார் ரிப்போர்ட்டைத் தொடங்கிவிட்டேன். ஜனவரி முதல் மார்ச் வரை எல்லா டிக்கெட்டும் இறக்கியாயிற்று. மேலோட்டமாகப் பார்த்ததிலேயே, எதை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று இரண்டு மூன்று வழி தெரிகிறது. இப்போது கேட்டால் அரைகுறையாகத்தான் கேட்பேன். எண்களை ஒழுங்குபடுத்திவிட்டு நாளைக் காலை மெயிலில் ஒரே தடவையாகக் கேட்கிறேன். இதற்கு இப்போது பதில் வேண்டாம்.

செவ்வாய் காலை 9:15, மெயில்

வணக்கம் மேடம்,

நேற்று நான் குறித்துக்கொண்டது இது: போன காலாண்டுப் புகார்களைப் பார்த்து, நீங்கள் மேலிடக் கூட்டத்துக்குக் கையில் எடுத்துப்போகிற மாதிரி சின்ன ரிப்போர்ட், வெள்ளிக்கிழமைக்குள். இதில் நான் எதையாவது மாற்றி எழுதிக்கொண்டிருந்தால் முதலில் அதைத் திருத்திவிடுங்கள்.

நாம் பேசியபோது இந்த எண்கள் இருவர் கையிலும் இல்லை. ராத்திரி உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோதுதான், ஒரே கேள்விக்கு இரண்டு விடை வரும் இடங்கள் தென்பட்டன. இரண்டுமே தப்பில்லை, ஆனால் எந்த விடை உங்களுக்குப் பயன்படும் என்பது கூட்டத்தைப் பொறுத்தது. ஒவ்வொன்றிலும் நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். ஒத்துவந்தால் "சரி" என்று போட்டால் போதும்.

மெயில் கொஞ்சம் நீளம். நேரம் இல்லையென்றால் மார்ச் பகுதியையும் கிளைப் பகுதியையும் மட்டும் பாருங்கள்.

*எதைப் புகார் என்று எண்ணுவது*

மூன்று மாதத்தில் மொத்தம் 2,318 டிக்கெட். அதில் 611 வெறும் விசாரிப்பு: "டெக்னீஷியன் எத்தனை மணிக்கு வருவார்", "வாரண்டி எப்போது முடிகிறது" என்கிற வகை. இன்னும் 237, ஒரே ஆள் போனிலும் சொல்லி மெயிலிலும் அனுப்பியதால் இரண்டாவது தடவை பதிவானவை. இரண்டையும் கழித்தால் 1,470. நான் 1,470-ஐத்தான் எடுத்திருக்கிறேன். ரிப்போர்ட்டின் அடியில் 2,318-இல் தொடங்கி எப்படி இங்கே வந்தோம் என்று இரண்டு வரி இருக்கும். சிஸ்டத்தில் யாராவது மொத்த எண்ணைப் பார்த்துவிட்டு "மீதி எங்கே" என்று கேட்டால் பதில் கையில் இருக்கும்.

டிசம்பர் கடைசியில் பதிவாகி ஜனவரியில் முடிந்த புகார்களைச் சேர்க்கவில்லை. பதிவான தேதியை வைத்துத்தான் பிரித்திருக்கிறேன்.

*மார்ச்*

உங்கள் முடிவு அதிகம் தேவைப்படும் இடம் இதுதான். ஜனவரியில் 402, பிப்ரவரியில் 431, மார்ச்சில் 637. இதை அப்படியே படமாகப் போட்டால், ஜனவரியைவிட மார்ச்சில் புகார் 58 சதவீதம் கூடிவிட்டது என்றுதான் யாரும் படிப்பார்கள்.

மார்ச் டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். 190 பேர் சொல்வது ஒரே விஷயம்: சர்வீஸ் பில்லில் கூடுதலாகப் பணம் பிடித்துவிட்டீர்கள். உண்மையில் யாரிடமும் கூடுதலாக வாங்கவில்லை. மார்ச் 6 முதல் புது பில் வடிவம் வந்ததே, அதில் முன்பு மொத்தத்தோடு சேர்ந்திருந்த வரித்தொகை தனியாகத் தெரிகிறது. அதைப் புதுக் கட்டணம் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவர் பழைய பில்லையும் புது பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்து, வரி இருக்கிற இடத்தில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறார். இரண்டு பில்லிலும் மொத்தம் ஒன்றுதான். அது அவர் கண்ணில் படவே இல்லை.

இந்த 190-ஐத் தனியாக வைத்தால் மார்ச் 447. ஜனவரியோடு ஒப்பிட்டால் ஏற்றம் 11 சதவீதம். 58-க்கும் 11-க்கும் நடுவில் ரிப்போர்ட்டின் கதையே மாறுகிறது.

என் யோசனை: 637 என்ற முழு எண்ணைத்தான் போடுவது, ஆனால் பில் வடிவப் புகார்களை அதே கம்பத்தில் வேறு நிறத்தில் காட்டுவது. அவற்றை நீக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. வாடிக்கையாளர் பார்வையில் அதுவும் புகார்தான், போன் எடுத்துப் பேசியது நம் ஆட்கள்தான். ஆனால் இந்தக் கூட்டத்தின் நோக்கம் சர்வீஸ் தரம் மட்டும்தான் என்றால், பில் விஷயத்தை ஒரு பத்தியாகப் பின்னால் தள்ளிவிடலாம். நோக்கம் உங்களுக்குத்தான் தெரியும், அதனால் கேட்கிறேன்.

*சரிசெய்ய ஆன நேரம்*

சராசரி எடுத்தால் 52 மணி நேரம். புகார்களை நேரப்படி வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் 19 மணி நேரம். இவ்வளவு வித்தியாசத்துக்குப் பெரிய காரணம், உதிரிபாகம் வராமல் சராசரியாக 25 நாள் திறந்தே கிடந்த 38 புகார்கள். அந்த 38-ஐ எடுத்துவிட்டாலே சராசரி 37 மணிக்கு இறங்குகிறது. எனக்கு 19 என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே 38 பேர் காத்திருந்ததைத் தனி வரியாகச் சொல்வதுதான் சரியாகப் படுகிறது. இதற்கு முந்தைய காலாண்டு ரிப்போர்ட்டில் சராசரிதான் போட்டிருந்தோம் என்றால் சொல்லுங்கள், ஒப்பிடுவதற்காக இரண்டையும் போட்டுவிடுகிறேன். எல்லாமே கடிகார நேரம், அலுவலக நேரம் இல்லை.

*கிளைகளின் பெயர்*

ஏழு கிளைகளில் ஒரே கிளையிலிருந்து மட்டும் 412 புகார், அதாவது மொத்தத்தில் 28 சதவீதம். பெயரோடு பட்டியல் போட்டால் அந்தக் கிளை பளிச்சென்று தெரியும். ஆனால் அங்கேதான் வாடிக்கையாளர்களும் அதிகம். ஆயிரம் வாடிக்கையாளருக்கு எத்தனை புகார் என்று பார்த்தால்தான் அது நியாயமான ஒப்பீடு. அந்த எண்ணிக்கை விற்பனைப் பிரிவில் இருக்கிறது, இன்று கேட்டு வைக்கிறேன்.

கிளைப் பெயர் போடலாமா வேண்டாமா என்பதை நானாக முடிவு செய்யவில்லை. மற்றதெல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பெயர் ஒரு தடவை வெளியே போனால் போனதுதான்.

சின்ன விஷயம் இரண்டு. நீளம் இரண்டு பக்கம் என்று வைத்திருக்கிறேன், ஸ்லைடாக வேண்டுமென்றால் புதன்கிழமைக்குள் சொன்னால் வசதி. வெள்ளிக்கிழமைக்கு முன்னால் நீங்கள் ஒரு தடவை படிக்க நேரம் இருக்க வேண்டும் என்பதால், வரைவை வியாழன் மாலை 4 மணிக்கே அனுப்பிவிடுகிறேன்.

நாளை மதியம் 2 மணி வரை பார்க்கிறேன் மேடம். கூட்டங்களுக்கு நடுவில் உங்களுக்கு நேரம் கிடைக்காவிட்டால், மேலே சாய்கிறேன் என்று சொன்ன பக்கமே போய்விடுகிறேன். கிளைப் பெயர் மட்டும் உங்கள் வார்த்தை வந்த பிறகுதான்.

நன்றி.

செவ்வாய் மதியம் 1:05, மேடத்தின் பதில்

பார்த்தேன். புகார் எண்ணிக்கை ஓகே. நேரம் நீங்கள் சொன்ன மாதிரியே. போன தடவை சராசரிதான் போட்டோம், அதனால் இரண்டும் இருக்கட்டும். மார்ச் கொஞ்சம் பாசிட்டிவாகக் காட்டுங்கள், ஆனால் எதையும் மறைத்த மாதிரி இருக்கக் கூடாது. கிளை விஷயம் பார்த்துப் பண்ணுங்கள். இரண்டு பக்கம் போதும்.

செவ்வாய் மதியம் 1:50, மெயில்

மேடம், இவ்வளவு சீக்கிரம் பார்த்ததற்கு நன்றி. எண்ணிக்கை, நேரம், நீளம் மூன்றும் முடிந்தது, இனி அதில் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்.

மார்ச்சைப் பொறுத்தவரை, விளக்கம் கேட்பதைவிட எழுதியே காட்டிவிடுகிறேன். ரிப்போர்ட்டில் இப்படி வரும்:

"மார்ச்சில் 637 புகார்கள் பதிவாயின. இதில் 190 புகார்கள் மார்ச் 6 அன்று அறிமுகமான புதிய பில் வடிவத்தைப் பற்றியவை. இவற்றில் கூடுதல் வசூல் எதுவும் நடக்கவில்லை. சர்வீஸ் தொடர்பான மீதி 447 புகார்கள் ஜனவரியைவிட 11 சதவீதம் அதிகம்."

முழு எண் முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது, அதனால் மறைத்ததாக யாரும் சொல்ல முடியாது. நல்ல செய்தி இரண்டாவது வாக்கியத்தில். 11 சதவீதம் ஏறியிருப்பதையும் விடவில்லை. நீங்கள் நினைத்த பாசிட்டிவ் இதுதானா, இல்லை இன்னும் கொஞ்சம் வேண்டுமா? வேண்டுமென்றால், பில்லோடு ஒரு விளக்கச் சீட்டு வைக்கலாம் என்ற யோசனையை அடுத்த வரியாகச் சேர்க்கிறேன். அதற்கு மேல் போனால் எண்களோடு ஒட்டாது.

கிளைக்கு இரண்டு வரைவு எழுதினேன். இதில் எது என்று மட்டும் சொல்லுங்கள்.

முதலாவது: ஏழு கிளைகளும் பெயரோடு, ஆயிரம் வாடிக்கையாளருக்கு எத்தனை புகார் என்ற கணக்கோடு. விற்பனைப் பிரிவு நாளைக் காலை எண்ணிக்கை தருவதாகச் சொல்லியிருக்கிறது.

இரண்டாவது: ரிப்போர்ட்டில் பெயர் இல்லாமல் "ஒரு கிளையில் 28 சதவீதம்" என்று மட்டும். பெயர்ப் பட்டியல் தனித் தாளில், உங்களிடம் மட்டும். யாராவது கேட்டால் நீங்கள் எடுத்துக் காட்டலாம்.

நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பேன். ஆனால் அந்த அறையில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

செவ்வாய் மாலை 4:20, மேடத்தின் பதில்

இரண்டாவது. அந்தக் கிளை மேனேஜரும் கூட்டத்துக்கு வருகிறார். மார்ச் வாக்கியங்கள் நன்றாக இருக்கின்றன, விளக்கச் சீட்டு யோசனையையும் சேருங்கள்.

செவ்வாய் மாலை 4:25, சாட்

சரி மேடம். பெயர்ப் பட்டியலை மெயிலில் அனுப்பவில்லை, அச்செடுத்து உறையில் போட்டு வியாழன் மாலை வரைவோடு உங்கள் மேஜையில் நேரில் தருகிறேன்.