பொங்கல் விழா 2027: வரவு செலவு பட்ஜெட் (கனடியன் டாலர்ல)

கமிட்டில எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி 16 சனிக்கிழமை மிசிசாகால நடக்கப்போற நம்ம சங்கத்து பொங்கல் விழா பட்ஜெட் இது. ஹால்ல 520 சீட் இருக்கு, ஆனா நான் கணக்கு போட்டது 380 டிக்கெட்டுக்குத்தான். ஜனவரி குளிர்ல, ஒருவேளை பனி வேற கொட்டினா, கைக்குழந்தையோட இருக்கறவங்களும் பெரியவங்களும் கடைசி நேரத்துல வராம போயிடுவாங்க, அதனால ஹால் நிறையும்னு நம்பி செலவ ஏத்த எனக்கு மனசு வரல.

வரவு
மெம்பர் பெரியவங்க 180 × $25 = $4,500
மெம்பர் இல்லாதவங்க 90 × $35 = $3,150
ஸ்டூடண்ட் 30 × $15 = $450
சின்னப் பசங்க (5 முதல் 12 வயசு) 80 × $12 = $960
நாலு ஸ்பான்சர் × $500 = $2,000
மொத்தம் $11,060

அதுல ரெண்டு ஸ்பான்சர் பணம் மட்டும்தான் கைக்கு வந்திருக்கு. மூணாவது ஆளு வாய்வார்த்தையா சரின்னு சொல்லியிருக்காரு, நாலாவது இன்னும் தேடணும்.

செலவு
ஹால் (டாக்ஸோட) $2,305.20
சாப்பாடு, 420 பிளேட் (டாக்ஸோட) $4,508.70
சவுண்டு, லைட் (டாக்ஸோட) $1,356
லையபிலிட்டி இன்சூரன்ஸ் $240
இசைக்குழுவுக்கு சன்மானம் $1,050
பாட்டு உரிமைக்கு சோகான் லைசென்ஸ் $250
கரும்பு, பானை, கோலம், மேடை அலங்காரம் $350
பசங்களுக்கு பரிசு $300
கார்டு கட்டணம் $170
ரிஸ்ட்பேண்ட், பிரிண்டிங் $120
அவசரத்துக்கு $400
மொத்தம் $11,049.90

ஆக மிச்சம் 10 டாலர் 10 சென்ட். அவ்ளோதான்.

ஹால் கணக்க கொஞ்சம் கவனமா பாருங்க. மணிக்கு $210னு 8 மணி நேரம், $1,680. கேர்டேக்கருக்கு அதே 8 மணிக்கு $45 வீதம் $360. கூட்டினா $2,040, அதுமேல 13% எச்எஸ்டி $265.20. போன வருஷம் கொட்டேஷன்ல இருந்த $1,900ஐ அப்படியே எழுதிட்டோம், பில் வந்தப்போ $2,147. அந்த 247 டாலர் பரிசுக்குன்னு வச்சிருந்த பணத்துலேருந்து போச்சு, மேடை ஏறின பசங்களுக்கு வெறும் சர்டிபிகேட் மட்டும்தான் குடுத்தோம். அந்த முகங்கள நான் இன்னும் மறக்கல, அதனாலதான் இந்த தடவை எல்லா பெரிய செலவையும் டாக்ஸோட எழுதியிருக்கேன். நாம லாப நோக்கம் இல்லாத அமைப்பு, வருஷ வரவு 50,000 டாலருக்கு ரொம்ப கீழ, எச்எஸ்டி ரெஜிஸ்டர் பண்ணல, அதனால டிக்கெட்டுக்கு டாக்ஸ் வாங்க மாட்டோம், கட்டின டாக்ஸையும் திருப்பி கேட்க முடியாது, அது முழுசா நம்ம செலவுதான்.

அடுத்தது ஃப்ரீ பாஸ். ஒரு பிளேட் $9.50, டாக்ஸோட $10.74 ஆகுது. போன வருஷம் 46 பேருக்கு சும்மா பாஸ் குடுத்தோம், இந்த வருஷ ரேட்ல அது கிட்டத்தட்ட $494. தெரிஞ்சவங்க கேட்டா இல்லன்னு சொல்றது கஷ்டம்தான், எனக்கும் புரியுது, ஆனா காசு குடுத்து வர்ற குடும்பம்தான் அத சுமக்குது. டிக்கெட் இல்லாத 40 பிளேட் வாலண்டியருக்கும் மேடைல ஆடுற பாடுறவங்களுக்கும் மட்டும்னு முடிவு பண்ணலாம். கமிட்டி மெம்பர் குடும்பமும் டிக்கெட் வாங்கணும், நானும் என் வீட்டுக்கு நாலு வாங்குறேன்.

கேட்டரிங்காரங்க ஜனவரி 6 வரைக்கும் பிளேட் எண்ணிக்கைய குறைக்க விடுவாங்க. 80 பேர் குறைவா வந்தாலும், அத அதுக்குள்ள சொல்லிட்டா நஷ்டம் 1,050 டாலர் சுமார்ல நிக்கும், சொல்லாம விட்டா சுமார் $1,900 ஆகிடும். அதனால ஆன்லைன் டிக்கெட்ட ஜனவரி 5 ராத்திரியோட மூடணும், வாசல்ல டிக்கெட் வேண்டாம். மெம்பர் டிக்கெட்ட $20 ஆக்கலாம்னு போன மீட்டிங்ல ஒரு யோசனை வந்துச்சு, அத பண்ணா 180 டிக்கெட்டுக்கு $900 போயிடும், எடுக்க வேற இடமே இல்ல. கஷ்டப்படுற குடும்பம் யாராவது இருந்தா தனியா என்கிட்ட சொல்லுங்க, பேர் வெளில வராம பாத்துக்கலாம்.

இப்போ பேங்க்ல $3,150 இருக்கு. டிக்கெட் விக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஹால் பாதிப் பணம் $1,152.60, டெபாசிட் $500, இன்சூரன்ஸ் $240, ஆக $1,892.60 கட்டணும், மீதி $1,257.40 நிக்கும். டெபாசிட் விழா முடிஞ்சு எதுவும் உடையாம இருந்தா திரும்பி வரும், அதனால அத செலவுல சேக்கல. பனிப்புயல்ல ஹால்காரங்களே மூடினா முழுப்பணம் திரும்பும், நாமளா ரத்து பண்ணா வராதுன்னு அக்ரிமெண்ட்ல எழுதியிருக்கு, கையெழுத்து போடற ரெண்டு பேரும் அந்த பக்கத்த படிச்சுட்டு போடுங்க.

ஞாயிறு மீட்டிங்ல மூணு விஷயத்துக்கு ஓட்டு வேணும்: டிக்கெட் விலை, ஃப்ரீ பாஸ் நிறுத்தறது, ஹால் அட்வான்ஸ். நாலாவது ஸ்பான்சர யார் பாக்கறீங்கன்னு அதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, நவம்பர் முடியற வரைக்கும் கிடைக்கலன்னா சவுண்டு செலவுல 500 டாலர் குறைச்சு சின்ன செட்டுக்கு மாத்திடுவேன்.

பொருளாளர்