மாலையில் பதினைந்து நிமிடம்: ஐந்தாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் கரும்பலகையில் ஒரு சிறு பத்தி எழுதிப் பிள்ளைகளை வாசிக்கச் சொன்னேன்.

"மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படும். கல்லணைக்கு வரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனப் பிரிகிறது. அணை திறப்பது தள்ளிப்போனால் குறுவைப் பரப்பு குறைகிறது."

எல்லோரும் தடுமாறாமல் வாசித்தார்கள். "நீர் எத்தனையாகப் பிரிகிறது?" என்றதும் "நான்கு" என்று கத்தினார்கள். "குறுவை ஏன் குறைகிறது?" என்று கேட்டேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. இரண்டு பேர் கடைசி வரியையே திரும்ப ஒப்பித்தார்கள்.

வயலில் இறங்கி விளையாடும் பிள்ளைகள் இவர்கள். உங்களைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பீர்கள்: ஐப்பசி அடைமழைக்கு முன்பே குறுவையை அறுத்தாக வேண்டும், தண்ணீர் பிந்தினால் விதைக்க யார் துணிவார்கள்? வீட்டில் தெரிந்ததும் புத்தகத்தில் படிப்பதும் பிள்ளையின் மனத்தில் ஒன்று சேரவில்லை. அதற்குத்தான் உங்கள் உதவியைக் கேட்கிறேன்.

தினமும் மாலை விளக்கேற்றியதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் பிள்ளையோடு உட்காருங்கள். அரைப் பக்கம் போதும். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, "என்ன படித்தாய், எனக்குச் சொல்" என்று கேளுங்கள். சொந்த வார்த்தையில் சொல்லட்டும். பிறகு ஒரே ஒரு "ஏன்" கேளுங்கள். உடனே பதில் வராது. மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள், நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள். பதில் வந்ததும், "எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறாய்?" என்று புத்தகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியை மட்டும் ஒருநாளும் விட்டுவிட வேண்டாம். தெரியாத சொல் வந்தால், முன்வரியையும் பின்வரியையும் படித்துப் பொருளை ஊகிக்கட்டும்.

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, டீச்சர்" என்று ஓர் அம்மா பள்ளி வாசலில் தயங்கினார். அம்மா, படிப்பது பிள்ளையின் வேலை, கேட்பதுதான் உங்கள் வேலை. புரியாததைப் புரியவில்லை என்று நீங்கள் சொன்னால், பிள்ளை இன்னும் தெளிவாகச் சொல்ல முயலும். நடவு நாட்களில் நீங்கள் திரும்ப இருட்டிவிடும் என்று அறிவேன். அன்று தாத்தாவோ பாட்டியோ கேட்கட்டும்.

பாடநூல்தான் வேண்டும் என்பதில்லை. செய்தித்தாள், உர மூட்டையில் அச்சிட்டிருப்பது, ரேஷன் கடைப் பலகை எதுவும் உதவும். வழிகாட்டி நூலின் கேள்வி பதிலை மனப்பாடம் செய்யவைப்பது மட்டும் வேண்டாம். எழுத்து மாறாமல் ஒப்பித்துவிட்டுப் பொருள் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து மனம் வலித்திருக்கிறது. கணக்கில்கூடப் பலர் தவறுவது கூட்டலில் அல்ல, கேள்வியைப் புரிந்துகொள்வதில்.

தவறாகச் சொன்னால் திட்டாதீர்கள். அன்று கேட்ட "ஏன்" கேள்வியைப் பிள்ளையே நோட்டில் ஒரு வரியாக எழுதி, வெள்ளிக்கிழமைதோறும் கொண்டுவரட்டும். அன்று மாலை ஐந்து மணி வரை நான் பள்ளியில் இருப்பேன். சந்தேகம் இருந்தால் வேலை முடிந்து வரும் வழியில் அப்படியே வாருங்கள்.

அன்புடன்,
ஐந்தாம் வகுப்பு ஆசிரியை