கடுக்கன்

இரண்டு இருபதுக்கு சி.டி. ஸ்கேன் அறைக்கு ஸ்ட்ரெச்சர் வந்தது. பைக் விபத்து, ஹெல்மெட் இல்லை. கழுத்தில் காலர், இடது பக்க முடி முழுக்க ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. "தலையும் கழுத்தும் எடுத்துடுங்க" என்றார் டூட்டி டாக்டர். கூடவே ஓடிவந்தவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, விரிப்போடு சேர்த்துத் தூக்கி டேபிளில் கிடத்தினோம்.

இரண்டு காதிலும் கடுக்கன். உலோகம் இருந்தால் படத்தில் கோடு கோடாக விழும். காதை ஒட்டிய எலும்பில்தான் முறிவு ஒளிந்துகொள்ளும். வலது பக்கம் சட்டென்று வந்துவிட்டது. இடது பக்கத் திருகில் ரத்தம் உறைந்து இறுகிவிட்டது. ஈரப் பஞ்சால் துடைத்து, கையுறை வழுக்க வழுக்க, அரை அரைச் சுற்றாகக் கழற்றினேன். வெளியே ஓர் அம்மாவின் குரல் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது.

பட்டையால் நெற்றியைக் கட்டியதும் திமிறினான். அசைந்தால் படம் கலங்கிவிடும். டாக்டர் ஊசி போட்டார். அடங்கினான்.

ஸ்கேன் என்னவோ சில விநாடிதான். ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, கீழிருந்து மேலாகப் படங்களை உருட்டினேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் மண்டையோட்டை ஒட்டி வெள்ளையாக ஒரு வில்லை. புது ரத்தம் சி.டி.யில் வெள்ளையாகத்தான் தெரியும். மூளையின் நடுக்கோடு மறுபக்கம் தள்ளிப்போயிருந்தது. அளந்தேன், 9 மில்லிமீட்டர். டாக்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நியூரோ சர்ஜனுக்குப் போன் போட்டார். நான் ரேடியாலஜிஸ்டை எழுப்பினேன்.

பதினொரு வருஷமாக இந்த நாற்காலி. என்னவென்று தெரியும், சொல்லும் உரிமைதான் எனக்கில்லை. அதனால் வெளியே போகும்போது கையில் ரிஜிஸ்டரை எடுத்துக்கொள்வது வழக்கம். முகத்தை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே.

"வயசு என்னங்க?" ஏற்கெனவே எழுதியிருந்தது. இருந்தாலும் கேட்டேன்.

"முப்பத்திரண்டு" என்றாள் மனைவி.

"முப்பத்தொண்ணு. ஆவணி வந்தாத்தான் முப்பத்திரண்டு" என்றார் அம்மா. அதில் மட்டும் குரல் தெளிவாக இருந்தது.

அதற்குள் கதவு திறந்து, ஸ்ட்ரெச்சர் தியேட்டர் பக்கம் விரைந்தது. பெண்கள் பின்னாலேயே ஓடினார்கள். அப்பாவால் ஓட முடியவில்லை. சுவரைப் பிடித்தபடி நின்றார். காகிதத்தில் மடித்திருந்த கடுக்கன்களை அவர் கையில் கொடுத்தேன்.

பிரித்துப் பார்த்தார். "இத ஏன் தம்பி கழட்டினீங்க?"

"இருந்தா படம் சரியா விழாதுங்கய்யா."

"இப்ப சரியா விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க. தெளிவா விழுந்துச்சு."

"அப்பாடா" என்று பெஞ்சில் உட்கார்ந்தார்.