கணித மதிப்பெண் குறித்த விளக்கம்

மதிப்பிற்குரிய உதவித்தொகைக் குழுவினருக்கு, வணக்கம்.

முதல் பருவத்தில் துணைப்பாடக் கணிதத்தில் 100க்கு 29 எடுத்து, தேர்ச்சி பெறவில்லை. அப்பாவுக்குக் கால் முறிந்திருந்த சமயம் அது. விடியற்காலையில் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளியை இறக்கிவிட்டுத்தான் தர்மபுரிக்குப் பேருந்து ஏறுவேன். முதல் வகுப்பு போய்விடும். தொகையிடல் நடந்தது அந்த நேரத்தில்தான். ஆனால் அணிகளில் பிளஸ் டூவிலிருந்தே தடுமாறினேன், அதற்கு வீட்டைக் காரணம் சொல்ல மாட்டேன்.

ஏப்ரலில் அரியர் எழுதுகிறேன், கட்டணம் கட்டிவிட்டேன். தினமும் மாலை நூலகத்தில் பழைய வினாத்தாள் போட்டுப் பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் பேராசிரியர் திருத்தித் தருகிறார். மாதிரித் தேர்வுகளில் ஜனவரியில் 50க்கு 24, பிப்ரவரியில் 33, போன வாரம் 38. மூன்று விடைத்தாள்களையும் இணைத்துள்ளேன். கடைசித் தாளில் அணிகள் பகுதி முழுவதும் சரி.

இப்படிக்கு,
பி.எஸ்சி. இயற்பியல் முதலாமாண்டு மாணவி,
பாலக்கோடு