நவம்பர் 5, 6, 7 லீவு: திருப்பூர் நேரம் செவ்வாய் காலைக்குள் பதில் வேண்டும்

சார், வணக்கம்.

நவம்பர் 5 புதன், 6 வியாழன், 7 வெள்ளி, மூன்று நாள் எனக்கு லீவு வேண்டும். அம்மாவுக்கு வியாழக்கிழமை மதுரையில் கண்புரை ஆபரேஷன். 8-ம் தேதி சனிக்கிழமை காலை டியூட்டிக்கு வந்துவிடுவேன். இரண்டு நாளுக்கு மேல் லீவு என்றால் உங்கள் ஒப்புதல் இல்லாமல் ஹெச்.ஆரில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால்தான் சனிக்கிழமையும் அதுவுமாக உங்களைத் தொந்தரவு செய்கிறேன்.

அவசரமாகப் படிப்பதாக இருந்தால் இதுவரை போதும். இந்த மெயிலுக்கு ‘சரி’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டாலே வனிதா மேடம் பதிவு செய்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். ஆப்பில் நீங்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மீதியை நேரம் கிடைக்கும்போது படியுங்கள். நீங்கள் ஒரு கேள்வி கேட்டு நான் பதில் போடுவதற்குள் ஒரு நாள் போய்விடும் என்பதால், கேட்கக்கூடியதை எல்லாம் இதிலேயே எழுதிவிடுகிறேன்.

ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும் என்பது தெரியும் சார். செப்டம்பரிலேயே ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். போய்ப் பார்த்தால் சர்க்கரை 260. குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அதிரசத்தைக் கண்ணில் காட்டவில்லை, அம்மாவுக்கு என் மேல் அவ்வளவு கோபம். நேற்று வெறும் வயிற்றில் பார்த்ததில் 128. இன்று மதியம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: புதன்கிழமை வந்து அட்மிட் ஆகுங்கள், வியாழன் காலை ஆபரேஷன். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று அவர்கள் சொல்லவில்லை. அதுவரை சர்க்கரை இப்படியே நிற்கும் என்று எனக்கும் நம்பிக்கை இல்லை.

அம்மா உசிலம்பட்டிப் பக்கம் தனியாக இருக்கிறார். பூக்கட்டிக் கொடுப்பதுதான் தொழில். மல்லிகையில் காம்பை எதிரும் புதிருமாக வைத்துக் கட்ட வேண்டும், அவருக்கு அது விரல் பழக்கம், பார்க்கவே வேண்டாம். ஆனால் மொட்டையும் விரிந்த பூவையும் பிரிப்பதற்குக் கண் வேண்டும். போன மாதம் கடைக்காரர் இரண்டு முழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். எனக்குச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் தெரியும். தம்பி மஸ்கட்டில் இருக்கிறான், நினைத்த நேரத்தில் வர முடியாது. சனிக்கிழமை முதல் சித்தி வந்து கூட இருப்பார். அதுவரை நான்தான்.

புதன் விடிகாலை 4 மணிக்குக் கோவில்வழியில் பஸ் ஏறுவேன். அம்மாவை அந்த அக்கா ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விடுகிறார். வெள்ளி காலை கட்டைப் பிரித்து டாக்டர் பார்ப்பார். சொட்டு மருந்து எது, எத்தனை வேளை என்று சித்திக்குப் புரியும்படி எழுதி வைத்துவிட்டு, சாயங்காலம் கிளம்பிவிடுவேன்.

இப்போது நேரக் கணக்கு. இதை இன்று நானும் வனிதா மேடமும் உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தோம். போன வாரம் மதியம் 2 மணிக்கு உங்களைக் கூப்பிட்டேனே, அங்கே விடிகாலை 4.30 என்று நீங்கள் எடுத்த பிறகுதான் உறைத்தது. திட்டாமல் விட்டீர்கள். அதிலிருந்து கணக்குப் போடாமல் கூப்பிடுவதில்லை.

இன்று வரை நியூயார்க்குக்கும் நமக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நாளை, நவம்பர் 2 ஞாயிறு விடிகாலை 2 மணிக்கு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். பிறகு பத்தரை மணி நேரம். நீங்கள் திங்கள் காலை 9 மணிக்கு மெயிலைத் திறக்கும்போது இங்கே இரவு 7.30, ஹெச்.ஆர். பூட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அதனால் பரவாயில்லை. திங்கள் இரவு 10 மணிக்குப் படுக்கப் போகும் முன் ‘சரி’ என்று போட்டுவிட்டால், எங்களுக்கு அது செவ்வாய் காலை 8.30. வனிதா மேடம் வந்ததும் முதல் வேலையாக ஏற்றிவிடுவார். செவ்வாய் மாலை 5.30 மணிதான் கடைசி. அது உங்களுக்குச் செவ்வாய் காலை 7 மணி.

புதன்கிழமை நீங்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபிளைட்டில் இருப்பீர்கள். அங்கே இறங்கினால் வித்தியாசம் பதிமூன்றரை மணி நேரம் ஆகிவிடும். அந்த நேரத்தில் இந்த விஷயத்துக்காக உங்களைத் தேட வேண்டாம் என்றுதான் செவ்வாயோடு முடிக்கப் பார்க்கிறேன்.

பதில் வராமல் போனால் என்ன செய்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதில் இல்லாததை நீங்கள் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அதே சமயம் அம்மாவை ஆரப்பாளையத்தில் நிற்க வைத்துவிட்டு நான் இங்கே காத்திருக்கவும் முடியாது. செவ்வாய் மாலை 5.30 வரை பார்த்துவிட்டு, ஃபேக்டரி மேனேஜரிடம் எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புவேன். அவரிடம் இன்றே பேசிவிட்டேன். ‘சார் சொன்னால் நான் போடுகிறேன், சொல்லாவிட்டால் தகவலுக்கு என்று போடுகிறேன்’ என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். ஆகவே, உங்களுக்கு நேரமில்லை என்றால் அவருக்காவது ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.

எதற்கு இவ்வளவு எழுத்து என்றால், ஜனவரியில் பொங்கலுக்கு அடுத்த இரண்டு நாளுக்கு நான் முன்கூட்டியே போட்ட லீவு ‘பெண்டிங்’ என்றே நின்று, ஆப்சென்ட் ஆகி, சம்பளத்தில் பிடித்தார்கள். அது திரும்பி வர மார்ச் ஆனது. யார் மீதும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த மாதம் ஆஸ்பத்திரிச் செலவு இருக்கிறது, இரண்டு மாதம் பொறுக்க முடியாது. உங்கள் ஒப்புதல் தாமதமாக வந்தாலும், 25-ம் தேதி அட்டெண்டன்ஸ் முடிப்பதற்குள் வந்தால், இந்த மூன்று நாளையும் லீவாகவே எடுத்துக்கொள்ளும்படி வனிதா மேடத்துக்கு நீங்கள் சொல்ல வேண்டும். என் கணக்கில் கேஷுவல் லீவு 2, ஈட்டிய விடுப்பு 9 இருக்கிறது. புதன் கேஷுவல், வியாழன் வெள்ளி ஈட்டிய விடுப்பு என்று போட்டிருக்கிறேன்.

வேலை விஷயம்.

ஜெர்மனி ஆர்டர், 12,000 பீஸ் பையன்கள் டீ-ஷர்ட், வெள்ளிக்கிழமை ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். நான் இல்லாத நாளில் அது வருவதுதான் எனக்கே உறுத்துகிறது. சுமதி பார்த்துக்கொள்வாள். இன்லைனில் அவள் கூடவே இருந்தவள், ஃபைலும் அவளுக்கு அத்துப்படி. இந்த அளவு லாட்டுக்கு 315 பீஸ் எடுப்பார்கள், மேஜர் 14 வரை பாஸ், 15 என்றால் ஃபெயில். எனக்குப் பயம் தையலில் இல்லை, நேவி கலரில்தான். இரண்டாவது டையிங் லாட் ஒரு பொட்டு சிவப்படிக்கிறது. டியூப் லைட்டுக்குக் கீழே தெரியாது, வாசலில் கொண்டுபோய்ப் பிடித்தால் தெரியும். அந்த லாட் பீஸ்களைத் தனிக் கார்ட்டனில் போடச் சொல்லி, ஒரே கார்ட்டனில் இரண்டு ஷேடு கலக்காமல் பிரபு பேக்கிங்கில் நின்று பார்க்கிறார். செவ்வாய்க்குள் முடிந்துவிடும். பையரின் ஷேடு ஒப்புதல் மெயிலைப் பிரிண்ட் எடுத்து இன்ஸ்பெக்‌ஷன் ஃபைலில் முதல் பக்கமாக வைத்திருக்கிறேன். தூத்துக்குடிக்குச் சரக்கு 10-ம் தேதி திங்கள்தான் கிளம்புகிறது. ஏதாவது திரும்பச் சரிபார்க்க வேண்டும் என்றால் சனிக்கிழமை நான் இருக்கிறேன்.

அமெரிக்க ஆர்டர் விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை, அதற்குத்தானே நீங்கள் அங்கே போயிருக்கிறீர்கள். ஆகஸ்டில் வரி 50 சதவீதம் ஆனதிலிருந்து அவர்கள் கேட்கும் தள்ளுபடியைக் காஸ்டிங்கில் எங்கே நுழைப்பது என்றுதான் தினமும் பார்க்கிறோம். வியாழக்கிழமை மீட்டிங்குக்கு நீங்கள் கேட்ட மூன்று விலைக் கணக்கும் (இப்போதைய துணி, ஜிஎஸ்எம் குறைத்தது, பிரிண்டை எடுத்துவிட்டது) செவ்வாய் மாலைக்குள் உங்கள் மெயிலில் இருக்கும். ஒரு தாளில் ஒரு கணக்கு, கீழே நமக்கு நிற்பது எவ்வளவு என்று தனி வரி.

இதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள் சார். வியாழன் காலை 9 முதல் மதியம் 2 வரை என் போன் அணைந்திருக்கும். அது உங்களுக்குப் புதன் இரவு 7.30 முதல் 12.30 வரை, அதாவது மீட்டிங்குக்கு முந்தின ராத்திரி நீங்கள் ஓட்டலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் நேரம். அப்போது சந்தேகம் வந்தால் சுமதியைக் கூப்பிடுங்கள். அந்த ஷீட்டை அவளோடு சேர்ந்துதான் போடுகிறேன். மீட்டிங் உங்களுக்கு வியாழன் காலை 10 மணிக்கு என்றால், 9 மணிக்கு, நமக்கு இரவு 10.30-க்கு, நான் போனைக் கையில் வைத்திருப்பேன். வார்டுக்கு வெளியே வராந்தாவில் பேசலாமாம், விசாரித்துவிட்டேன்.

லேப் டிப் ஒப்புதல், ட்ரிம்ஸ் ஆர்டர் இரண்டும் மூன்று நாள் தள்ளிப் போனால் ஒன்றும் ஆகாது.

மெயில் பார்த்தீர்களா என்று உங்களுக்கு அழைத்துக் கேட்க மாட்டேன். இதன் சுருக்கத்தை வாட்ஸ்அப்பில் நான்கு வரியாக அனுப்பியிருக்கிறேன். அங்கேயே ‘சரி’ என்று போட்டாலும் போதும், அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஹெச்.ஆருக்குக் கொடுத்துவிடுவேன். முடியாது என்றாலும் சொல்லிவிடுங்கள். திங்கள் இரவே தெரிந்தால், வியாழன் ஒரு நாளாவது கூட இருக்கிறபடி மாற்றிக்கொள்ளப் பார்ப்பேன்.

இப்படிக்கு,
கார்த்திகா
மெர்ச்சன்டைசிங்
1.11.2025, சனி, மாலை 7 மணி (உங்களுக்குக் காலை 9.30)

பி.கு.: நியூயார்க் ஓட்டலுக்கு அனுப்பிய சாம்பிள் பார்சல் திங்கள்கிழமை வந்துசேரும் என்று கூரியரில் காட்டுகிறது. மேலே இருக்கும் மூன்று பீஸ் பழைய ஃபிட், ஒப்பிட்டுக் காட்டத்தான் வைத்தேன். சிவப்பு டேக் போட்டிருக்கிறேன். அதை மட்டும் பையரிடம் கொடுத்துவிடாதீர்கள்.