டிராக்டர் கூடுதல் வேலை: திருத்திய மதிப்பீடு

நீடாமங்கலம்
ஜூன் 3, 2026

மாணிக்கம் அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று மாலை பட்டறைத் தம்பி உங்கள் கைப்பேசிக்கு மூன்று செய்திகள் அனுப்பியிருந்தான்: “கிளட்ச் காலி. கூடப் பத்து ஆகும்.” “இடது வீல் பேரிங் சத்தம். இரண்டு.” “முன் டயரும் மாற்றினால் நல்லது. ஏழு. செய்துவிடவா?” கூட்டிப் பார்த்தால் பத்தொன்பதாயிரம். அவ்வளவும் இப்போது தேவையில்லை. அந்தச் செய்திகளுக்குப் பதிலாக இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சரி சொல்லும்வரை கூடுதல் வேலை எதிலும் கை வைக்க மாட்டோம்.

முதலில் பேசிய சர்வீஸ்: ரூ.4,250. எஞ்சின் ஆயில் 8 லிட்டர் 2,400, ஆயில் ஃபில்டர் 350, டீசல் ஃபில்டர் இரண்டு 600, கூலி 900. இது முடிந்துவிட்டது. தொகையில் மாற்றமில்லை.

கிளட்ச்: ரூ.9,900

ரோட்டாவேட்டர் மண்ணில் இறங்கியதும் எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வண்டி நகரத் திணறுகிறது என்று நீங்கள் சொன்னது சரிதான். கிளட்ச் பெடலின் தளர்வைச் சரிசெய்து ஓட்டிப் பார்த்தோம். பளுவில் இன்னும் வழுக்குகிறது. கிளட்ச் கூட்டின் அடியில் உள்ள சிறு துளையில் விரல் வைத்தால் கருத்த எஞ்சின் ஆயில் ஒட்டுகிறது. கிராங்கின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறது என்பதற்கு அது அடையாளம். சீலை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றினால், புதுப் பிளேட்டும் எண்ணெய் பட்டு வழுக்கும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

கிளட்ச் பிளேட் – 4,200
ரிலீஸ் பேரிங் – 850
கிராங்க் பின் ஆயில் சீல் – 450
பிரஷர் பிளேட் முகத்தை லேத்தில் தேய்த்துச் சமன்செய்ய – 900
வண்டியை இரண்டாகப் பிரித்துச் சேர்க்கும் கூலி – 3,500

ரிலீஸ் பேரிங் இன்று சத்தம் போடவில்லை. ஆனால் பிறகு அது போனால், மறுபடி வண்டியைப் பிரிக்க 3,500 கொடுக்க வேண்டிவரும். 850 ரூபாயோடு இப்போதே முடித்துவிடலாம். வேண்டாம் என்றால் அந்தத் தொகையைக் கழித்துவிடுகிறேன்.

பிரித்துப் பார்க்காமல் சொல்ல முடியாதது ஒன்று இருக்கிறது. பிரஷர் பிளேட் வெடித்திருந்தாலோ சூட்டில் வளைந்திருந்தாலோ லேத் வேலை பயன்படாது. புதியது 7,500 ரூபாய். லேத் கூலி 900 போக, கூடுதலாக 6,600 வரும். அப்படியானால் படம் எடுத்து அனுப்பிவிட்டு உங்களை அழைப்பேன். உங்கள் பதில் வந்த பிறகே வாங்குவேன்.

இடது முன் சக்கரம்: ரூ.1,800

ஹப்பைத் திறந்தபோது கிரீஸ் சேற்றோடு கலந்து சாம்பல் நிறமாக இருந்தது. சீல் தேய்ந்து, சேற்றுழவில் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. பேரிங்குகள் இரண்டு 1,100, சீல் 180, கிரீஸ் 120, கூலி 400. இதைத் தள்ளிப்போட வேண்டாம். பேரிங் இறுகினால் அச்சு முனையும் கெடும். வலது சக்கரம் நன்றாக இருக்கிறது.

முன் டயர்கள்: இப்போது வேண்டாம். பட்டை தேய்ந்திருக்கிறது, ஆனால் வெடிப்போ நூல் தெரிவதோ இல்லை. குறுவை உழவை முடித்துவிட்டு, சம்பாவுக்கு முன் ஒருமுறை பார்க்கலாம். இன்றைய விலை ஜோடி சுமார் 7,000.

ஆக, கூடுதல் வேலை 11,700. சர்வீஸோடு சேர்த்து மொத்தம் ரூ.15,950. நீங்கள் கொடுத்த முன்பணம் 2,000 போக மீதி ரூ.13,950. எல்லா விலையிலும் ஜி.எஸ்.டி. அடக்கம். உதிரிபாகக் கடையின் பில்லையும், கழற்றிய பழைய சாமான்களையும் வண்டியோடு தருகிறேன். எங்கள் வேலையில் குறை வந்தால் மூன்று மாதம்வரை கூலி இல்லாமல் சரிசெய்து தருவோம்.

மேட்டூர் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் உங்கள் வயலோடு கூலி உழவும் காத்திருக்கும் என்பது தெரியும். நாளை வியாழன் மாலைக்குள் பதில் சொன்னால், வெள்ளியன்று தஞ்சாவூரிலிருந்து சாமான் வந்துவிடும். சனிக்கிழமை லேத் வேலை. திங்கள் 8ஆம் தேதி மாலை வண்டியை எடுக்கலாம். புதிய பிரஷர் பிளேட் தேவைப்பட்டால் ஒரு நாள் தள்ளும்.

கிளட்ச் வேண்டாம் என்றாலும் தடையில்லை; அதை நாங்கள் பிரிக்கவே இல்லை. சக்கரத்தை மட்டும் முடித்து வெள்ளியன்று தருகிறேன்; அப்போது மீதி ரூ.4,050. ஆனால் அந்த நிலையில் ரோட்டாவேட்டர் போட வேண்டாம்.

“முழுவதும்”, “ரிலீஸ் பேரிங் தவிர”, “சக்கரம் மட்டும்” – இவற்றில் எது என்று ஒரு வரி அனுப்புங்கள். நேரில் பார்க்க விரும்பினால் நாளை காலை வாருங்கள், அந்தத் துளையையும் ஹப்பையும் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்